‘2 மட்டுமே உள்ளன’: வூகாமர்ஸின் இருப்பு அறிவிப்பைச் சில ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

கைத்தறிப் பருத்திச் சேலைகளை நேரடிக் கடையிலும் எங்கள் சொந்தத் தளத்திலும் அமேசானிலும் விற்கிறோம். சொந்தத் தளத்தில் இருப்புக் குறைவைக் காட்டும் பொறுப்பை முழுவதும், இணையக் கடை நடத்த உதவும் மென்பொருளான வூகாமர்ஸிடமே விட்டிருக்கிறோம். “Only show quantity remaining in stock when low” என்பதைத் தேர்ந்தெடுத்தால், இருப்பு நாம் குறித்த அளவுக்கு இறங்கிய பிறகே எண்ணிக்கை தெரியும். அந்த அளவு முதலிலிருந்தே 2 என்று இருக்கும். அதை 10 ஆக்கினால், ஒவ்வொரு நிறத்திலும் ஏழெட்டுச் சேலைகளே வைத்திருக்கும் எங்களைப் போன்ற கடையில் எல்லாமே தீரப்போவதுபோல் தோன்றும். எண் பொய்யில்லை, ஆனால் அது தரும் பதற்றம் பொய். ஆகவே 2 என்பதை மாற்றவில்லை.

சிக்கல் பெரும்பாலும் சரக்கைப் பிரிக்கும் இடத்தில்தான் வருகிறது. ஒரு பாவில் நெய்த ஆறு அரக்குநிறச் சேலைகளில் இரண்டைக் கடைக்கும் இரண்டை அமேசானுக்கும் ஒதுக்கினால், எங்கள் தளம் முதல் நாளிலேயே ‘2 மட்டுமே’ என்று காட்டும். மீதி நான்கும் அலமாரியில் மடித்து இருக்கும். இது கணக்குப்படி சரி, வாங்குபவருக்கோ தவறான தகவல். எனவே தளத்தில் ஆறையும் ஒரே இருப்பாக வைத்து, கடையில் ஒன்று விற்றதும் கைப்பேசியிலேயே எண்ணைக் குறைக்கிறோம். அமேசானில் மட்டும் கையிருப்பைவிட ஒன்று குறைவாகப் பதிவு செய்கிறோம், ஏனெனில் இல்லாத சேலைக்கு ஆர்டர் வந்து நாமே ரத்து செய்தால், 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய ரத்து விகிதம் சிறு விற்பனையாளருக்கு எளிதில் எகிறிவிடும். அங்கே இருப்புக் குறைவை அமேசானே காட்டுகிறது. தலைப்பில் நாமாக அவசரச் சொற்களைச் சேர்த்தால், விளம்பரச் சொல்லாகக் கருதித் தேடலிலிருந்து பொருளை மறைக்கவும் வாய்ப்புண்டு.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்கள் தடைசெய்யும் ஏமாற்று உத்திகளில் முதலாவதே பொய்யான அவசரம்தான். அவை தளங்களை மட்டுமல்ல, விற்பனையாளரையும் கட்டுப்படுத்துபவை. ‘இனி வராது’ என்று எழுதுமுன் நெசவாளரிடம் கேட்பது அதற்கு முன்பும் எங்கள் வழக்கம். அதே நிறத்தில் அடுத்த பாவு தறியில் ஏறியிருந்தால், ‘இப்போது 2 உள்ளன, அடுத்த தொகுதி தறியில் இருக்கிறது’ என்றே எழுதுகிறோம். இதைப் படித்துவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு, அந்த விற்பனை அன்றைக்குக் கிடைக்காது.

வூகாமர்ஸால் தீர்க்க முடியாத குறை ஒன்று உண்டு. வாட்ஸாப்பில் அனுப்பும் படத்தில் எண்ணை அச்சிட்டுவிட்டால், சேலை விற்ற பிறகும் அந்தப் படம் குழுவுக்குக் குழு சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே படத்தில் விலையும் இணைப்பும் மட்டுமே இருக்கும். எண்ணிக்கை தேவைப்படுபவர் இணைப்பைத் திறந்தே பார்க்க வேண்டும்.