கரி வடிகட்டியை நம்பி ஏமாந்தோம்: கிணற்று நீர் குடிப்பவர்கள் கவனிக்கவும்

எங்கள் வீடு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. குடிப்பது, சமைப்பது, குளிப்பது எல்லாம் ஒரே கிணற்று நீர்தான். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் பெரிதானதிலிருந்து இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தண்ணீர்ப் பயம் உண்டு. அந்தப் பயத்தை வைத்துத்தான் எங்களிடம் ஒரு பில்டரை விற்றார்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு செய்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். எப்படி ஏமாந்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன், இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெடியன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் இரண்டு சோடி கம்பிகள். "அன்ரி, உங்கட கிணத்துத் தண்ணி ஒரு கிளாஸ் தாங்கோ" என்றான். தான் கொண்டுவந்த போத்தலிலிருந்து இன்னொரு கிளாஸில் ஊற்றி, அது தங்கள் பில்டரில் வடித்த நீர் என்றான். கம்பிகளை இரண்டிலும் விட்டு மின்சாரம் கொடுத்தான். ஒரு நிமிடத்தில் எங்கள் தண்ணீர் பச்சையும் மண்ணிறமுமாகக் கலங்கி, மேலே நுரை கட்டியது. அவனுடையது அப்படியே தெளிவாக நின்றது. "இதைத்தான் இவ்வளவு நாளும் குடிச்சிருக்கிறியள்" என்றான். எனக்கு வயிற்றைப் பிரட்டியது. 68,000 ரூபா கொடுத்து, மூன்று கூடுள்ள பில்டரைக் குசினிக் குழாயில் பூட்டினோம். முதல் கூட்டில் மண், தூசி பிடிக்கும் வெள்ளைக் காட்ரிஜ். மற்ற இரண்டிலும் கரி. "எண்ணெய், மருந்து, உரம், கிருமி, உப்பு எல்லாத்தையும் எடுத்துப்போடும். ஆறு மாதத்துக்கு ஒருக்கா நாங்கள் வந்து மாத்தித் தருவம்" என்றான்.

போன மாசி மாதம் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்தாள். பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் போதாமல் மாப்பாலும் கொடுக்க வேண்டி வந்தது. ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் என் அண்ணையின் மகன் குழந்தையைப் பார்க்க வந்தபோது, "மாமி, எந்தத் தண்ணியில பால் கரைக்கிறியள்?" என்று கேட்டான். பில்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் என்றேன், பெருமையாக. அவன் முகம் மாறியது. கிணற்றிலிருந்து ஒன்றும் பில்டர் குழாயிலிருந்து ஒன்றுமாக இரண்டு மாதிரி எடுத்துக்கொண்டு போனான்.

முடிவு வந்தது. நைத்திரேற்று (நைட்ரேட் என்று பலரும் சொல்வது) கிணற்று நீரில் லீட்டருக்கு 83 மில்லிகிராம். பில்டரில் வந்த நீரில் 81. இலங்கைத் தரக்கட்டளையும் உலகச் சுகாதார நிறுவனமும் குடிநீருக்கு விடும் எல்லை 50. அந்த இரண்டு மில்லிகிராம் வித்தியாசமும் அளவீட்டில் வரும் சாதாரண ஏற்ற இறக்கம்தான், பில்டர் எடுத்தது அல்ல என்றான். 68,000 ரூபாப் பொருள் இந்த விஷயத்தில் ஒன்றுமே செய்யவில்லை.

ஏன் என்று அவன் விளங்கப்படுத்தியதை, எனக்கு விளங்கிய மாதிரியே எழுதுகிறேன். சிரட்டைக்கரியை மிகக் கூடிய வெப்பத்தில் நீராவி விட்டுச் சுடும்போது அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகள் திறக்கும். இப்படிச் செயலூட்டிய கரி ஒரு கிராமில் உள்ளே இருக்கும் பரப்பு கிட்டத்தட்ட 1,000 சதுர மீற்றர். எங்கள் கணக்கில் நாலு பரப்புக் காணி. தண்ணீர் அதைக் கடக்கும்போது சில பொருட்கள் அந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இது அரிதட்டு மாதிரிச் சலிப்பது இல்லை, ஒட்ட வைப்பது. அப்படியானால் எது ஒட்டும் என்பதுதான் கேள்வி. தண்ணீரோடு அவ்வளவாக ஒத்துப்போகாத, எண்ணெய்த்தன்மையான பொருட்கள் நன்றாக ஒட்டும்: பெற்றோலிய எண்ணெய்க் கூறுகள், பல பூச்சிமருந்துகள், கெட்ட மணமும் சுவையும் தரும் சேதனப் பொருட்கள். கிணற்றுக்குப் போடும் குளோரீனும் கரியில் பட்டதும் அழிந்துவிடும். இதில் கரி கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நைத்திரேற்று உப்பைப் போலத் தண்ணீரில் முழுதாகக் கரைந்து தண்ணீரோடேயே போகிற பொருள். அதைக் கரி பிடிக்காது. சுண்ணாம்பையும் பிடிக்காது, உவர்ப்பையும் பிடிக்காது. எங்கள் கேத்திலில் வெள்ளைப் படை ஒருநாளும் குறையவில்லை. அந்த ஒன்றைப் பார்த்தே நான் யோசித்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், எங்கள் கிணறுகளின் பெரிய வில்லங்கமே நைத்திரேற்றுத்தான். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் எருவும், வளவுக்குள் இருக்கும் மலசலகூடக் குழியும் செம்மண்ணைத் தாண்டி, வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நேரே நிலத்தடி நீரில் சேர்கின்றன. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோவதை இது குறைக்கும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் சரியாகும் என்று நான் நினைத்தது இன்னும் பிழை. தண்ணீர் ஆவியாகப் போகும், நைத்திரேற்று அங்கேயே நிற்கும், மிஞ்சிய தண்ணீரில் அதன் செறிவு கூடும். எங்கள் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

அப்படியென்றால் அந்தக் கம்பி வித்தை? அண்ணையின் மகன் ஒரு 9 வோல்ட் பற்றரியையும் நாலு இரும்பாணிகளையும் எடுத்தான். ஒரு கிளாஸில் கிணற்று நீர், இன்னொன்றில் எங்கள் பில்டர் நீர். ஒவ்வொன்றிலும் இரண்டு ஆணிகளை விட்டுப் பற்றரியைத் தொடுத்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டுமே ஒரே மாதிரிக் கலங்கின. கலங்குவது தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, ஆணியின் இரும்பு கரைந்து வரும் துரு. தண்ணீரில் உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரையும். உப்பு இல்லாத நீரில் பாயாது. அந்தப் பெடியன் போத்தலில் கொண்டுவந்தது உப்பு நீக்கிய நீர், இந்தக் கரி பில்டரில் வடித்தது அல்லவே அல்ல. யாராவது உங்கள் வீட்டுக்கு அந்தப் பெட்டியோடு வந்தால், அவர் விற்கிற அதே பில்டரில் உங்கள் கண்முன் வடித்த நீரில் கம்பியை விடச் சொல்லுங்கள்.

அடுத்தது சேர்விஸ். இதில்தான் எனக்குக் கோபம் கூட. இரண்டு வருடத்தில் நாலு தரம் வந்தார்கள். ஒவ்வொரு தரமும் 9,500 ரூபா, பில்லில் "3 காட்ரிஜ் மாற்றம்" என்று எழுதியிருக்கிறது. அண்ணையின் மகன் கூடுகளைக் கழற்றினான். வெள்ளைக் காட்ரிஜ் புதிதுதான். இரண்டாவது கூட்டில் இருந்த கரிக் காட்ரிஜின் வெளிப்புறம் வழுவழு என்று பாசி பிடித்த மாதிரி இருந்தது. அதன் மூடியில், பில்டர் பூட்டிய அன்று என் கணவர் மார்க்கரால் போட்ட திகதி மங்கலாக அப்படியே இருந்தது. மூன்றாவதிலும் அதே திகதி. நாலு தரமும் வெள்ளையை மட்டும் மாற்றி, கரிக் காட்ரிஜ்களைக் குழாயில் கழுவித் திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு அடையாளத்தை நான் கவனித்திருக்கலாம். புதுக் கரிக் காட்ரிஜ் போட்டால் முதலில் கரித்தூள் கலந்து கறுப்பாகத்தான் தண்ணீர் வரும், தெளியும்வரை வாளிக்கணக்கில் திறந்துவிட வேண்டும். முதன்முதல் பூட்டியபோது அப்படித்தான் வந்தது. பிறகு ஒரு சேர்விஸிலும் வரவில்லை. "பாத்தியளே அன்ரி, உடனேயே கண்ணாடி மாதிரித் தண்ணி" என்று சொன்னபோது நானும் தலையாட்டினேன்.

கரியைக் கழுவிப் போட்டால் என்ன என்று கேட்கலாம். அந்த நாலு பரப்புக் காணியும் ஒருநாள் நிரம்பும். நிரம்பிய பிறகு வருவது ஒட்ட இடமில்லாமல் நேரே குழாய்க்குப் போகும். அதைவிட மோசம், பலமாக ஒட்டும் பொருள் புதிதாக வந்தால், முன்பு பலவீனமாக ஒட்டியிருந்ததைத் தள்ளிவிட்டு உட்காரும். தள்ளப்பட்டது உங்கள் கிளாஸுக்கு வரும். துளைக்குள் ஒட்டியது குழாயில் கழுவினால் போகாது. கரி நிரம்பியதை வெளியிலிருந்து காணவும் முடியாது, அது முதல் நாளும் கறுப்பு, கடைசி நாளும் கறுப்பு. தண்ணீர் மெதுவாக வந்தால் அது பெரும்பாலும் வெள்ளைக் காட்ரிஜ் அடைத்ததன் அடையாளம், கரியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதனால்தான் நாள் பார்த்து மாற்ற வேண்டியிருக்கிறது.

கிருமிக் கதையும் உண்டு. பில்டர் நீரில் கிணற்று நீரைவிடக் கூடப் பற்றீரியா இருந்தது. நல்லவேளை, மலக் கழிவைக் காட்டும் வகை இல்லை. கரி குளோரீனை எடுத்துவிடும், சேதனப் பொருட்களைப் பிடித்து உணவாகச் சேர்த்தும் வைக்கும், உள்ளே ஈரமும் இருட்டும். பற்றீரியாவுக்கு வேறென்ன வேண்டும்? பழைய காட்ரிஜ் தொட்டால் வழுவழுத்தது அதுதான்.

இன்னொன்றையும் கணக்குப் பார்த்தோம். காட்ரிஜ் உறையில் "6 மாதம் அல்லது 7,500 லீட்டர், எது முந்துகிறதோ" என்றிருந்தது. அவர்கள் பில்டரைக் குசினிக் குழாய் முழுவதற்கும் பூட்டியிருந்தார்கள், சட்டி கழுவுவதும் அதே நீரில்தான். ஒருநாள் வாளியால் அளந்து பார்த்தேன், 90 லீட்டர் வந்தது. 7,500 லீட்டர் 83 நாளில் முடிந்துவிடும். ஆக, அவர்கள் நேர்மையாக ஆறு மாதத்தில் மாற்றியிருந்தாலும் பாதிக் காலம் செத்த கரிதான். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனிக் குழாய் வைத்தால் எங்களுக்கு 25 லீட்டர் போதும், ஆறு மாதத்துக்கு 4,500 லீட்டர்தான் ஆகும்.

இப்போது அப்படித் தனிக் குழாய் வைத்து, கரிக் காட்ரிஜ்கள் இரண்டையும் நாங்களே வாங்கி மாற்றிவிட்டோம். வாளியில் கறுப்புத் தண்ணீர் வந்ததைப் பார்த்த பிறகுதான் மனம் ஆறியது. குழந்தைக்கும் எங்களுக்கும் குடிக்க ஆர்.ஓ. நீர், அதாவது மெல்லிய சவ்வு வழியே அழுத்தி வடித்த நீர், வாங்குகிறோம், அந்தச் சவ்வுதான் நைத்திரேற்றைப் பெருமளவு தடுக்கும். வாங்கும் நீரையும் ஒருமுறை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்தோம், 6 மில்லிகிராம். கழற்றிய பழைய காட்ரிஜ்களை எறியவில்லை. திகதி தெரிகிற மாதிரிப் படமெடுத்து, நாலு பில்லையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் இலக்கம் 1977. கடைக்காரர் நேற்று எடுத்து, "பழைய காட்ரிஜைத் தாங்கோ, புதுசு சும்மா போட்டுவிடுறம்" என்றார். கொடுக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு சேர்விஸுக்கு வந்தாலும் கழற்றியதை அவர்கள் கொண்டுபோக விடாதீர்கள். மூடியில் நீங்களே திகதி போட்டுவிட்டு, அடுத்த தரம் அந்தத் திகதி இருக்கிறதா என்று பாருங்கள்.