300 பேருக்குக் கேசரி: ஒரே அண்டாவா, இரண்டு குவாலியா?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டக் கோயில் திருவிழா, 300 இலை. ஆளுக்கு 80 கிராம் என்றால் 24 கிலோ கேசரி. வறுத்த ரவை 5 கிலோ போதும்.

அண்டாவில் ஒரே அடுப்போடு வேலை முடியும். ஆனால் 5 கிலோவையும் கொதிநீரில் தூவி முடிப்பதற்குள் முதலில் விழுந்தது வெந்து இறுகிவிடும். பின்னால் விழுவது கட்டி தட்டும். உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக உலர்ந்த ரவை. அடி மூலைக்குத் துடுப்பு எட்டாது, அங்கேதான் தீயும். தீய்ந்த வாடை மொத்தத்திலும் ஏறிவிடும். தண்ணீரும் வீட்டுக் கணக்கில் மூன்று மடங்கு ஊற்றக் கூடாது. ஆழமான பாத்திரத்தில் ஆவியாவது குறைவு. 13 லிட்டரில் தொடங்கி, வெந்நீரைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

குவாலிக்கு வளைந்த அடி, கரண்டி எல்லா இடமும் தொடும். இரண்டரை கிலோவைச் சீக்கிரம் தூவிவிடலாம். ஒன்று கெட்டாலும் மற்றது மிஞ்சும். இரண்டு அடுப்பும், மாறி மாறிக் கிண்ட நான்கு பேரும் வேண்டும். கேசரிப் பவுடரை ஒரே கிண்ணத்தில் கரைத்துப் பாதிப் பாதியாக ஊற்றுங்கள். இல்லாவிட்டால் பந்தியில் இரண்டு நிறம் தெரியும்.

எதில் கிண்டினாலும், ரவையை விரலில் நசுக்கி, நறுக்கென்று படாமல் மசிந்த பிறகுதான் சீனி, மொத்தம் ஏழரை கிலோ. முந்திப் போட்டால் ரவை வேகாது. சீனி விழுந்ததும் இளகும். பயந்து ரவை சேர்க்காதீர்கள், கிண்டக் கிண்ட இறுகும்.

கேசரிக்குக் குவாலிதான். அண்டாவைப் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.