மார்க்கை அறையில் சொல்வதா, முந்தின நாளே தாளைக் கொடுப்பதா?

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு யூனிட்டில் மெயின்டனன்ஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் ஒன்பது பேர். மார்ச் வந்தால் ஒவ்வொருவரும் தன் வருட வேலையை மதிப்பிட்டு, தாளில் வரிக்கு வரி தனக்குத்தானே ஐந்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டுத் தருவார்கள், நானும் தனியாகப் போடுவேன். அவர்கள் போட்டது என்னுடையதைவிட ஒன்று, ஒன்றரை கூடவே இருக்கும். அந்த வித்தியாசத்தைப் பேச இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டேன். இப்போது இரண்டாவதில்தான் நிற்கிறேன்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து மார்க்கைச் சொல்லி, காரணம் சொல்வது. இருபது நிமிடத்தில் முடியும். ஆனால் ‘மூணு’ என்று காதில் விழுந்ததுமே முகம் மாறிவிடும், அதற்குப் பிறகு நான் சொல்லும் காரணம் எதுவும் உள்ளே போகாது. நானும் சொன்ன மார்க்கைக் காப்பாற்றுவதிலேயே இருப்பேன்.

இரண்டாவது வழியில், முந்தின நாள் மதியம் இருவரும் தாளை மாற்றிக்கொள்கிறோம். மறுநாள் ஒன்றோ அதற்கு மேலோ வித்தியாசம் உள்ள வரிகளை மட்டும் பேசுவோம். “ஏன் இவ்வளவு போட்டீங்க?” என்று நான் கேட்பதில்லை, அது குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடும். “இதுக்கு எதையெல்லாம் கணக்குல எடுத்தீங்க?” என்று கேட்கிறேன்.

போன வருடம் ஒரு ஃபிட்டர், ‘இயந்திரப் பராமரிப்பு’ என்ற வரியில் தனக்கு 5 போட்டிருந்தார். நான் 3. கேட்டதும், “சார், ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வந்து நின்னது யாரு?” என்றார். அவர் கணக்கில் பராமரிப்பு என்றால் பிரேக்டவுனுக்கு ஓடிவருவது. என் கணக்கில், மெஷின் நிற்பதற்கு முன்பே ஆயில், ஃபில்டர் மாற்றி, அட்டையில் தேதி போடுவது. மாதம் நான்கு வீதம் வருடத்துக்கு 48 வேலை. தேதிக்குள் முடிந்தது 31. ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வைத்துக்கொண்டு இரண்டு பேர் மார்க் போட்டிருக்கிறோம்! அமெரிக்க உளவியலாளர் டேவிட் டன்னிங்கும் இன்னும் இருவரும் 1989-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது: ஒரு தன்மைக்கு அர்த்தம் தெளிவில்லாமல் இருந்தால், அவரவர் தனக்குச் சாதகமான அர்த்தத்தை வைத்துத் தன்னை உயர்வாக மதிப்பிட்டுக்கொள்வார்கள். அது பொய் சொல்வது அல்ல என்று புரிந்தபோது என் குரலே தணிந்துவிட்டது.

அப்புறம் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். எண்ணெய்க் கறை படிந்த பக்கங்களில் இரவு வந்த தேதிகள், பதினான்கு. என் நோட்டில் இருந்தது ஐந்துதான். பிரேக்டவுன் என்ற வரியில் நான் போட்ட 3-ஐ அங்கேயே 4 ஆக்கினேன். பராமரிப்பு 3 என்பது அப்படியே நின்றது. “48-ல 43 தேதிக்குள்ள முடிஞ்சா இது 4, தம்பி” என்று தாளிலேயே எழுதிக் கொடுத்தேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார்.

இந்த வழி நிற்பதும் விழுவதும் அந்த நோட்டில்தான். சனிக்கிழமை ஷிப்ட் முடிவில் பத்து நிமிடம் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வரி, தேதி, நடந்தது என்ன என்று எழுத வேண்டும். ‘நல்ல உழைப்பு’, ‘கவனம் போதாது’ என்றெல்லாம் எழுதினால் மார்ச்சில் அது எதற்கும் ஆகாது. எழுதாமல் விட்டால் ஜனவரி, பிப்ரவரியில் நடந்ததுதான் மனதில் நிற்கும், ஜூனில் பட்ட பாடு மறந்துபோகும். நோட்டு இல்லாமல் முந்தின நாளே தாளைக் கொடுப்பது முதல் வழியைவிட மோசம். அவர் ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, தேதிகளோடு வருவார். என் கையில் ‘பொதுவா பார்த்தா’ என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. முதல் வருடம் எனக்கு அப்படித்தான் ஆனது. இரண்டு பேரிடம் மார்க்கை ஏற்றிக்கொடுத்துவிட்டு எழுந்தேன், அது சரியா தவறா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

சம்பள உயர்வை அதே உட்காரலில் பேசுவதில்லை. ஏப்ரலில் அதற்குத் தனியாக ஒரு நாள். பணம் மேஜைக்கு வந்துவிட்டால் பேச்சு முழுக்க அதன் பக்கம் போய்விடுகிறது.

இரண்டு வருட அனுபவம்தான் இது, அதுவும் ஒன்பது பேரிடம். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் எப்படிப் போகும் என்று சொல்லுமளவு நான் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் தாளைப் பார்த்த இரவு தூங்கவே இல்லை என்றார். இந்த மார்ச்சில் அவருக்குக் காலையில் தாளைக் கொடுத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காரப் போகிறேன்.