பேனை எழுத்துப் படிவத்துக்கு எந்த ஓசிஆர்?

யாழ்ப்பாணத்தில் ஒரு சங்கத்தின் அங்கத்துவப் படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. பழைய படிவங்கள் பேனையால் நிரப்பியவை, பிந்தியவை கணினியில் அடித்தவை. படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் ஓசிஆர் மென்பொருள்களில், சொந்தக் கணினியில் ஓடும் டெசரெக்ட், இணையம் வழியே வேலை செய்யும் கூகுள் கிளவுட் விஷன் இரண்டையும் போட்டுப் பார்த்தேன்.

டெசரெக்ட் இலவசம், படிவமும் வெளியே போகாது. ஆனால் அது அச்செழுத்தில் பழகியது. கணினியில் அடித்ததை 300 டிபிஐயில் ஸ்கான் செய்து கொடுத்தால் நன்றாக வாசித்தது, பேனை எழுத்தில் உளறிக்கொட்டியது. விஷன் கையெழுத்தையும் ஓரளவு பிடித்தது. ஆனால் அதற்குக் காசு போகும், ஆட்களின் அடையாள அட்டை இலக்கமும் வெளியார் சேர்வருக்குப் போகும். அதனால் பேனைப் படிவங்களில் பெயர்ப் பெட்டியை மட்டும் வெட்டி விஷனுக்கு அனுப்பினேன். இலக்கங்களைக் கையாலேயே அடித்தோம். அச்சுப் படிவ இலக்கங்களுக்கு டெசரெக்ட் போதும்:

```
tesseract nic.png out -l eng --psm 7 -c tessedit_char_whitelist=0123456789VX
```

இலக்கங்களையும் V, X எழுத்துகளையும் மட்டும் வாசி என்ற இந்தக் கட்டுப்பாட்டில் ஒரு வினை உண்டு. அழுக்குப் புள்ளியைக்கூட ஏதோ ஓர் இலக்கமாக்கித் தந்துவிடும், பார்த்தால் சந்தேகமே வராது.

பெயரில் தொல்லை வேறு விதம். 'ர'வும் கால் 'ா'வும் அச்சில் ஏறக்குறைய ஒரே உருவம், 'கரன்' 'கான்' ஆகிவிடும். 'கௌரி' சில வேளை 'கெளரி' என்று வரும். என்னோடு வேலை செய்த அக்காவிடம் காட்டினேன். "ரண்டும் ஒண்டுதானே தம்பி" என்றா. கண்ணுக்கு ஒன்றுதான், தேடும்போது இரண்டு ஆட்கள். யூனிகோட் NFC ஒழுங்காக்கல் பிரிந்து கிடக்கும் 'ெ', 'ா' இரண்டையும் 'ொ' ஆக்கும், ஆனால் 'ெ'யோடு வந்த 'ள'வைத் தொடாது. அந்த இரண்டையும் 'ௌ' ஆக்கத் தனி விதி எழுதி, மாறிய பெயர்களை மட்டும் கண்ணால் பார்த்தோம். 'வெள்ளையன்' போன்ற பெயர்களைக் கெடுக்காமலிருக்க, 'ள'வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் விதி விலகிக்கொள்ளும்.

இலக்கத்தைச் சோதிக்கப் படிவமே உதவும். பழைய அட்டை இலக்கம் 85623 என்று தொடங்கினால் பிறந்த ஆண்டு 1985. அடுத்த மூன்று இலக்கம் 500ஐத் தாண்டினால் பெண், 500ஐக் கழித்தால் 123ஆம் நாள். பிறந்த திகதிப் பெட்டியில் மே 2 இருக்க வேண்டும். ஆறு பூச்சியமாக வாசிக்கப்பட்டால் ஜனவரியில் பிறந்த ஆண் வந்து நிற்பார், உடனே பிடிபடும்.

முதலில் மார்ச்சுக்குப் பிந்திய பலரும் ஒரு நாள் தள்ளியே வந்தார்கள். ஓசிஆரைத் திட்டினேன், பிழை என்னுடையது. அட்டை இலக்கம் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் போட்டு எண்ணுகிறது. என் நிரல் 1985க்கு 28 போட்டு மே 3 என்றது.

அந்த ஐந்துக்குப் பின்னால் வரும் தொடர் இலக்கங்களை இந்தச் சோதனை தொடாது. அவற்றைப் படத்தோடு அக்கா ஒருமுறை, நான் ஒருமுறை ஒப்பிட்டோம்.