பேப்பர் போடுவது ஜூனிலா, ஆகஸ்ட்டிலா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் தரமணியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். வேறு வேலை கிடைத்துவிட்டது. ஜூன் 2 அன்றே பேப்பர் போடலாமா, ஆகஸ்ட் 3 வரை பொறுக்கலாமா என்று கேட்டான். நான் சம்பளக் கணக்கு பார்ப்பவன் என்பதால் கிராண்ட் லெட்டரை எடுத்து வரச் சொன்னேன்.

2023 ஜூலை 10 அன்று 1,200 ஸ்டாக் ஆப்ஷன், அதாவது கம்பெனிப் பங்கைக் குறித்த விலையில் வாங்கும் உரிமை, கொடுத்திருக்கிறார்கள். வருடத்துக்கு 300 வெஸ்ட் ஆகும், அதாவது அவனுக்கு உரிமையாகும். இரண்டு தவணை முடிந்துவிட்டது, மூன்றாவது 2026 ஜூலை 10-இல். நோட்டீஸ் 60 நாள். ஜூனில் போட்டால் கடைசி நாள் ஆகஸ்ட் 1.

"அதுக்குள்ள ஜூலை 10 வந்துடுதே அண்ணே?"

சிக்கலே அங்கேதான். அவன் கம்பெனி மாதிரி பங்குச் சந்தையில் இல்லாதவற்றுக்கு, 2014-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்ட விதிகளில் 12-ஆம் விதி, ராஜினாமா செய்தால் 'அந்த நாளில்' வெஸ்ட் ஆகாதவை காலாவதி என்கிறது. எந்த நாள்? கடிதம் கொடுத்த நாளா, கடைசி வேலை நாளா? அதைக் கம்பெனியின் ஆப்ஷன் திட்ட ஆவணம்தான் சொல்லும். கடிதத் தேதி என்று இருந்தால் 300 போச்சு. கடைசி நாள் என்று இருந்தாலும், "நாளையே கிளம்பு" என்று முன்கூட்டி விடுவித்தால் போச்சு.

போனஸ் கதை இன்னும் கறார். ஆண்டு போனஸ் 1,80,000 ரூபாய், ஜூலை 31 சம்பளத்தோடு வரும். ஆனால் அன்று நோட்டீஸில் இருப்பவருக்கு இல்லை என்று கம்பெனி அவனுக்குக் கொடுத்த கடிதத்திலேயே இருந்தது. குறைந்த சம்பளக்காரருக்கான சட்ட போனஸ் வேறு. அதை இப்படி மறுக்க முடியாது. இவனுக்கு அது பொருந்தாது.

ஆக, ஜூனில் போட்டால் போனஸ் நிச்சயம் இல்லை, ஆப்ஷன் சந்தேகம். ஆகஸ்ட்டில் போட்டால் இரண்டும் கையில், ஆனால் புது இடத்தில் சேர அக்டோபர் ஆகிவிடும். என் ஓட்டு ஆகஸ்ட்டுக்குத்தான், புது கம்பெனி காத்திருந்தால்.

எழுதிக் கேட்பதிலும் இரண்டு வழி. "என் ஆப்ஷன், போனஸ் எல்லாம் கிடைக்குமா?" என்றால் "பாலிசிப்படி" என்று ஒரு வரிப் பதில்தான் வரும். அதனால் பேப்பர் போடுமுன் திட்ட ஆவணத்தின் நகலை மட்டும் கேட்டு வாங்கச் சொன்னேன். போட்ட பிறகு அனுப்ப வேண்டிய மெயில் இது:

"ஜூலை 10 தவணையான 300 ஆப்ஷனும் சேர்த்து, வெஸ்ட் ஆனவை 900 என்பதை உறுதிப்படுத்தவும். அவற்றுக்கான பங்குகளை வாங்கக் கடைசித் தேதி எது? எந்தப் பிரிவின்படி?"

கடைசித் தேதியைக் கேட்பது சும்மா இல்லை. வேலையை விட்டபின் 90 நாள் மட்டும் தரும் திட்டங்கள் நிறைய. அதற்குள் பங்கை வாங்க வேண்டும். விற்க முடியாத பங்குக்கும் வரி பிடிப்பார்கள். பதில் வரும்வரை 'இனி பாக்கி எதுவும் இல்லை' என்ற தாளில் கையெழுத்து போடாதே என்றேன்.

புது கம்பெனி செப்டம்பருக்கு மேல் காத்திருக்காது என்றது. ஜூலை 13-இல் போட்டான். ஆப்ஷன் தப்பித்தது, போனஸ் போனது. அந்தத் தொகையை ஜாயினிங் போனஸாகக் கேட்டு, ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்கிவிட்டான். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமாம்.