தேங்காய் எண்ணெயா, பெட்ரோலியம் ஜெல்லியா, யூரியா களிம்பா: வாடைக்காலக் குதிகால் வெடிப்புக்கு எது ஆகும்?

மார்கழி மழை ஓய்ந்து வாடை வீசத் தொடங்கியதும், பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கத்து வீடுகளில் பித்தவெடிப்புப் பேச்சு தானாகக் கிளம்பிவிடும். மலையூர்க்காரர்கள் கேட்டால் சிரிக்கும் அளவுக்குத்தான் எங்கள் கரையில் குளிர் உண்டு. ஆனாலும் ஐப்பசியில் காற்றில் இருந்த ஈரம் தை மாதத்தில் இருப்பதில்லை; காற்றோ இரவும் பகலும் ஓய்வதில்லை. கடல்நீரில் நனைந்து, மணலில் உரசி, அந்தக் காற்றிலேயே உலரும் கால்கள் முதலில் குதிகாலின் ஓரத்தில்தான் வெடிக்கின்றன.

பெயரில் பித்தம் இருந்தாலும் இதைத் தோலின் அமைப்பை வைத்தே விளக்கிவிடலாம். உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் உண்டு, எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. ஆகவே மற்ற இடங்களைப் போல அங்கே தோல் தனக்குத் தானே எண்ணெய் பூசிக்கொள்வதில்லை. நாம் நிற்கும்போது குதிகாலின் அடியிலுள்ள கொழுப்புத் திண்டு உடல் எடையால் பக்கவாட்டில் பிதுங்குகிறது. ஓரத்துத் தோல் மென்மையாக இருந்தால் அதனுடன் சேர்ந்து விரியும். தடித்துக் காய்ந்திருந்தால் விரிய முடியாமல் பிளந்துவிடும். பின்பக்கம் திறந்த செருப்பு இந்தப் பிதுக்கத்தைத் தடுப்பதில்லை என்பதால், என்னதான் பூசினாலும் வெடிப்பு திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகச் செய்ய வேண்டிய வேலைகள் மூன்று: தோலுக்குள் நீரை ஏற்றுவது, ஏறிய நீரை வெளியேற விடாமல் அடைப்பது, தடித்ததைக் கரைத்துக் குறைப்பது. மேலே சொன்ன மூன்று பொருள்களும் இந்த மூன்றையும் ஒரே அளவில் செய்வதில்லை என்பதுதான் ஒப்பீட்டின் சாரம்.

தேங்காய் எண்ணெய் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தோலை மிருதுவாக்கவும் செய்கிறது. ஆனால் நீரை அடைத்து வைப்பதில் பெட்ரோலியம் ஜெல்லிக்கு அது ஈடாகாது. பாயிலும் போர்வையிலும் பாதி போய்விடும், சிமெண்டுத் தரையில் வழுக்கவும் செய்யும். ஜெல்லி பிசுபிசுப்பானது என்ற குறை உண்மையே; அந்தப் பிசுபிசுப்புப் படலம்தான் நீர் ஆவியாவதைத் தடுக்கிறது. இரண்டுமே தடித்த தோலைக் கரைப்பதில்லை. அந்த வேலைக்குத்தான் யூரியா. 10 சதவீத அளவில் அது நீரை ஈர்த்துப் பிடித்து வைக்கும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் தடித்த தோலைத் தளர்த்திக் கரைக்கத் தொடங்கும். மருந்துக் கடையில் வாங்கும்போது குழாயின் மேலுள்ள பெயரை விட இந்த எண்ணைப் பார்ப்பதே முக்கியம். ஆழமாகப் பிளந்து ரத்தம் கசியும் இடத்தில் யூரியா படும்போது கடுமையாக எரியும். பலர் ஒரே இரவில் அதைக் கைவிடுவது இதனால்தான்.

சென்ற தை அமாவாசை கழிந்து கடல்பாசி எடுக்கப் போகாத நாட்களில், என் சித்தியின் இரண்டு கால்களிலும் இரு வேறு முறைகளைச் செய்து பார்த்தோம். இரண்டு குதிகால்களிலும் நகநுனி உள்ளே போகும் ஆழத்தில் வெடிப்பு இருந்தது. சேலை ஓரத்து நூல் அதில் மாட்டி இழுபடும்போது அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். இரவு படுக்கும் முன் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் கால்களை ஊற வைத்து, குதிகால் தேய்க்கும் கல்லால் ஓரத்தை மட்டும் மேலோட்டமாகத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தோம். அந்த ஈரம் போவதற்குள், அதாவது இரண்டு மூன்று நிமிடங்களுக்குள், இடது காலில் தேங்காய் எண்ணெயும் வலது காலில் சுண்டைக்காய் அளவு ஜெல்லியும் பூசி, இரண்டுக்கும் பருத்திக் காலுறை போட்டுவிட்டோம். "கல்யாணப் பொண்ணு மாதிரி காலுறையா?" என்று சித்தி முதல் நாள் முனகினார்.

நான்காம் நாள் காலை வலது காலை ஊன்றி நடக்க அவருக்கு வலிக்கவில்லை. இடது கால் விடியற்காலையில் மிருதுவாக இருந்தாலும், நண்பகலுக்குள் வெளிறிப் போய்க் கோடுகள் தெரிந்தன. அங்கே வலி அடங்க ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் வலது குதிகாலில் பிளவுகள் மூடியிருந்தன, ஆனால் ஓரத்துத் தடிப்பு அப்படியே இருந்தது. அதன் பிறகே இரண்டு கால்களிலும், பிளவு மூடிய தடித்த ஓரத்தில் மட்டும், 25 சதவீத யூரியா களிம்பை இரவில் ஒருமுறை பூசத் தொடங்கினோம். இரண்டு வாரத்தில் சேலை நூல் மாட்டுவது நின்றது. ஒரே ஒருவரின் கால்களில் பார்த்தது என்றாலும், முதலில் அடைப்பது, பிறகு கரைப்பது என்ற வரிசையை மாற்றக் கூடாது என்பது எனக்கு அதில் தெளிவாயிற்று.

எங்கள் பக்கத்துப் பழக்கங்களில் இரண்டை நான் ஏற்பதில்லை. நல்ல சுடுநீரில் கல்லுப்பைப் போட்டு அரைமணி நேரம் கால் வைப்பது ஒன்று. சூடு தோலிலுள்ள கொழுப்பை மேலும் கழுவி எடுத்துவிடும். நாள் முழுதும் கடலில் நின்ற காலுக்கு இன்னும் உப்புநீர் எதற்கு? பிளேடால் சீவுவது இரண்டாவது. ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினாலும் புண்ணாகும். சீவப்பட்ட தோல் முன்னிலும் தடித்து வளரவும் கூடும். விளக்கெண்ணெயில் மெழுகை உருக்கி ஆற வைத்துப் பூசும் பழைய முறை, அடைக்கும் பொருள் என்ற அளவில் ஜெல்லியின் உறவுதான், வேலை செய்யும். பகலில் இவற்றில் எதையும் தாராளமாகப் பூசிக்கொண்டு கடற்கரையில் நடந்தால், ஒட்டிக்கொள்ளும் மணல் உப்புத்தாள்போல உரசும். பகலுக்குப் பின்பக்கம் மூடிய ரப்பர் காலணியும், கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவதுமே போதும்.

இத்தனையும் காய்ந்து வெடித்த தோலுக்குத்தான் பொருந்தும். ஒரு காலில் மட்டும் வெண்மையான பொடிச் செதில் உள்ளங்கால் முழுதும் பரவி, ரேகைகளுக்குள் மாவு தூவியதுபோலத் தெரிந்தால், விரலிடுக்குகளில் ஊறிப்போன தோலும் தடித்த மஞ்சள் நகமும் சேர்ந்திருந்தால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். களிம்பும் காலுறையும் அதைப் போக்காது, பூஞ்சைக்கான மருந்துதான் வேண்டும். சர்க்கரை நோயாளிகள் கல், யூரியா, சாலிசிலிக் அமிலக் களிம்பு எதையும் தாமாகத் தொடக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் பட்டது அவர்களுக்கே தெரியாது. அவர்கள் வலியை நம்பாமல், தினமும் கண்ணால் குதிகாலைப் பார்க்க வேண்டும். பிளவைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, சீழ் வந்தால் யாராக இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பௌர்ணமிக்குச் சித்தி மறுபடி கடலுக்குப் போனார். வாடை அடங்கும்வரை, இப்போதும் இரவில் ஜெல்லியும், வாரத்தில் இரண்டு இரவு மட்டும் யூரியாவும் தொடர்கிறார். தேங்காய் எண்ணெய் குழம்புக்கும் தலைக்கும் திரும்பிவிட்டது.