ஓவனில் கட்லெட், சமோசா, வடை: இரண்டு வருட அனுபவம்

அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் கூடியதிலிருந்து எங்கள் வீட்டில் வாணலி வைப்பது குறைந்துவிட்டது. 28 லிட்டர் ஓடிஜி ஒன்றும், எண்ணெய் தெளிக்க ஒரு ஸ்பிரே பாட்டிலும் வாங்கி இரண்டு வருடம் ஓட்டியாயிற்று.

இதில் தேறியது கட்லெட்தான். அதுவும் முதல் சில மாதங்கள் சொதப்பல். பிரெட் தூளில் புரட்டி, மேலே எண்ணெய் தெளித்து வைப்பேன். எண்ணெய் பட்ட இடம் மட்டும் சிவந்து, மற்ற இடமெல்லாம் வெளுத்துக் கிடக்கும். அது சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கிழங்கின் ஈரம் ஏறி உள்பக்கத் தூள் ஊறிப்போகும்.

இப்போது தூளை முன்கூட்டியே சிவக்க வைத்துவிடுகிறேன். ஒரு கப் தூளில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் பிசறி, கடாயில் பொன்னிறமாக வறுத்து ஆறவிடுவேன். மசித்த கிழங்கையும் அடுப்பில் சற்று வதக்கி ஈரத்தைப் போக்கிவிடுவேன். கட்லெட்டை நீர்த்த மைதாக் கரைசலில் தோய்த்து, தூளில் புரட்டி, நன்றாகச் சூடேறிய ஓவனில் 200 டிகிரியில் 12 நிமிடம். திருப்பிப் போட்டு, லேசாக எண்ணெய் தெளித்து இன்னும் 8 நிமிடம். தட்டில் வைக்காமல் கம்பி வலைமேல் வையுங்கள். தட்டில் வைத்தால் அடிப்பக்கம் வியர்த்து நமுத்துவிடும். எடுத்ததும் கடித்தால் நல்ல மொறுமொறுப்பு. ஆனால் ஒரு கால்மணி நேரம்தான் நிற்கும். விருந்தாளிகள் வந்த பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

சமோசா வேறு ரகம். ஒரு கப் மைதாவுக்கு மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசறினால்தான் மேல்தோல் பொரபொரவென்று வருகிறது. குறைத்தால் சப்பாத்தி காய்ந்தது போல் ஆகிவிடும். ஆக, எண்ணெய் மிச்சம் என்பதில் பாதிதான் உண்மை. வருவதும் டீக்கடைச் சமோசா அல்ல, பேக்கரி பப்ஸுக்குப் பங்காளி. அந்தக் கொப்புளம் விட்ட தோலை மறந்துவிடலாம்.

மசால் வடை பரவாயில்லை ரகம். மெல்லிசாகத் தட்டி, ஸ்பிரேயை ஒதுக்கிவிட்டுப் பிரஷ்ஷால் எண்ணெய் தடவினால் ஓரங்கள் முறுகும். நடுப்பகுதி கொஞ்சம் வறண்டிருக்கும்.

உளுந்து வடையில் நான்கு முறை தோற்றேன். காய்ந்த எண்ணெய் மாவை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்கிறது. வெளித்தோல் உடனே இறுகிச் சிவக்க, உள்ளே ஆவி பொங்கிப் பஞ்சாகிறது. சூடான காற்றுக்கு அந்த வேகம் இல்லை. தோல் இறுகுவதற்குள் மாவு தளர்ந்து பரந்துவிடும், ஓட்டையும் மூடிக்கொள்ளும். கிடைப்பது தோல் தடித்த இட்லி. சூட்டை 230 வரை ஏற்றியும் பார்த்தேன். மேலே கருகியது, உள்ளே பிசுபிசுப்பு.

அதனால் உளுந்து வடை மட்டும் இன்றும் வாணலியில்தான். அப்பாவுக்கு ஒன்று என்பது கணக்கு. அம்மா சாம்பாரில் ஊறப்போட்டு எடுத்து வைக்கும் இரண்டாவது வடை எனக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.